படத்தில் இல்லாத தகப்பன்

ஓசூரில் நாய்க்குட்டி வேண்டும் என்று யாரிடமாவது சொல்லிவிட்டால் அன்று மாலைக்குள் செல்போனுக்குப் படம் வந்துவிடும். பெரும்பாலும் இரண்டு வகைப் படங்கள் வரும். ஒன்றில் செவலை நிற நாய் சிமென்ட் தரையில் நிற்கும். முகம் நீளமாக, காது பின்னால் மடிந்து, வயிறு முதுகோடு ஒட்டினாற்போல் இருக்கும். கீழே, "ஒரிஜினல் சிப்பிப்பாறை, வேட்டை லைன், 40 நாள் குட்டி இருக்கு" என்று எழுதியிருக்கும். இன்னொன்றில் உள்ளங்கையில் ஏந்திய வெள்ளைக் குட்டி, மூக்கு இளஞ்சிவப்பு. அதற்கு "ராஜபாளையம்" என்று பெயர் போட்டிருக்கும். இந்த இரண்டு படங்களையும் வைத்துக்கொண்டு, அவை எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவே முடியாது என்று பார்ப்பதுதான் இந்த அத்தியாயம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இந்தக் கேள்விக்குத் தனி அவசரம் உண்டு. சிப்காட்டைச் சுற்றிப் பட்டறைகள், புதிய மனைப்பிரிவுகள், தளி பக்கத்துப் பசுங்குடில்கள், கிருஷ்ணகிரியின் மாந்தோப்புகள் என்று காவலுக்கு நாய் கேட்கும் இடங்கள் ஏராளம். பெங்களூரு நாற்பது கிலோமீட்டர். அங்கே வெளிநாட்டு இன நாய்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. ராஜபாளையமும், விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை ஊரும் நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளன. எதிர்த் திசையில் முதோல் வேட்டைநாயின் பூர்வீகமான பாகல்கோட்டை மாவட்டத்து முதோல் அதைவிடத் தூரம். நாட்டு நாய்களின் பிறந்த மண் எட்டாத தூரத்தில், வெளிநாட்டு நாய்களின் சந்தை பக்கத்தில். நடுவில் நிற்கும் வாங்குபவருக்குச் சாட்சியாகக் கிடைப்பது அந்தப் படம் மட்டுமே. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் முதோல், ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசினார். அதே ஆண்டு கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் ஆகிய மூன்றையும் இந்திய நாய் இனங்களாகப் பதிவு செய்தது. பெயருக்கு மதிப்பு கூடினால், அந்தப் பெயரை ஒட்டி விற்கும் ஆசையும் கூடத்தான் செய்யும்.

முதலில் செவலை நாயின் படத்தைக் கையில் எடுப்போம்.

ஒல்லியான உடல், ஆழமான நெஞ்சுக்கூடு, ஒட்டிய வயிறு, நீண்ட கால், குறுகிய தலை. கண்ணால் இரையைக் கண்டு ஓடிப் பிடிக்கும் நாய்கள் எல்லாவற்றுக்கும் இதே வார்ப்புதான். சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் முதோலுக்கும் இருப்பதைப் போலவே இங்கிலாந்தின் கிரேஹவுண்டுக்கும் விப்பட்டுக்கும், மேற்காசியாவின் சலூக்கிக்கும் இருக்கிறது. வேகமாக ஓட வேண்டும் என்றால் நுரையீரலுக்கு இடம் வேண்டும், முதுகு வில்லாக வளைந்து நிமிர வேண்டும், எடை குறைய வேண்டும். இந்தத் தேவைகளுக்காக மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்தால், எந்த ஊர் நாயிலிருந்து தொடங்கினாலும் ஏறக்குறைய இந்த உருவத்துக்குத்தான் வந்து சேர்வார்கள். 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 161 நாய் இனங்களின் மரபணுக்களை ஒப்பிட்டு அவற்றை 23 கிளைகளாகப் பிரித்தார்கள். கிரேஹவுண்ட் பிரிட்டனின் கிராமப்புற நாய்களோடு ஒரு கிளையில் விழுந்தது. சலூக்கி மத்தியதரைக் கடல் பகுதி நாய்களோடு வேறொரு கிளையில் விழுந்தது. பக்கவாட்டில் நிறுத்திப் படம் எடுத்தால் அண்ணன் தம்பி போலத் தெரியும் இரண்டும் மரபணுவில் ஒரே வீட்டுப் பிள்ளைகள் இல்லை. உடல் அமைப்பு ஒத்துப்போவதால் உறவு ஒத்துப்போகும் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அளவு தெரிந்தாலாவது சிலவற்றை ஒதுக்கலாம். ஆண் கிரேஹவுண்டின் தோள் உயரம் 71 முதல் 76 செ.மீ. வரை, ஆண் விப்பட்டுக்கு 47 முதல் 51 செ.மீ. வரை. நாட்டு வேட்டைநாய்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் இடையில் வரும். ஆனால் வெறும் சிமென்ட் தரையும் சுவரும் உள்ள படத்தில் அளவுகோல் ஏது? அரையடி வித்தியாசம் உள்ள இரண்டு இனங்கள் அந்தப் படத்தில் ஒரே உயரமாகத்தான் தெரியும். பக்கத்தில் ஒரு ஹாலோ பிளாக் கல்லோ, பாலிதீன் குடமோ இருந்தால் அதை வைத்துக் கணக்குப் போட முடியும். ஆனால் விற்பனைப் படங்களில் அப்படி எதுவும் இருப்பதில்லை.

உயரத்தை விட்டுவிடலாம், ஒட்டிய வயிறு கண்ணுக்குத் தெரிகிறதே என்று தோன்றும். அதையும் கேமராவே உண்டாக்கும். செல்போனை நாயின் முகத்துக்கு 60 செ.மீ. முன்னால், சற்றுச் சாய்வாகப் பிடித்துப் படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். மூக்கிலிருந்து நெஞ்சுக்கூடு 30 செ.மீ. பின்னால் இருக்கிறது, இடுப்பு 65 செ.மீ. பின்னால் இருக்கிறது. கேமராவிலிருந்து நெஞ்சு 90 செ.மீ., இடுப்பு 125 செ.மீ. தூரம். ஒரு பொருள் படத்தில் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பது தூரத்துக்கு எதிர்விகிதம். ஆகவே நெஞ்சை விட இடுப்பு 90/125, அதாவது 0.72 மடங்காகச் சுருங்கித் தெரியும். உண்மையில் நெஞ்சும் இடுப்பும் ஒரே தடிமனாக உள்ள நாய்கூட இந்தப் படத்தில் இடுப்பு கால் பங்குக்கு மேல் மெலிந்ததாகத் தோன்றும். அதே நாயை நான்கு மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் நெஞ்சு 430 செ.மீ., இடுப்பு 465 செ.மீ.; விகிதம் 0.92. மாயச் சுருக்கம் ஏறத்தாழ மறைந்துவிடும். கிட்டே இருந்து எடுத்த படத்தில் மூக்கும் பெரிதாகி முகமும் நீளும். விற்பவர் ஏமாற்றத்தான் வேண்டும் என்பதில்லை. ஆசையாகக் கிட்டே போய் எடுத்தாலே நாட்டு நாய்க் கலப்பு வேட்டைநாயாகிவிடும். இனத்தின் உடலமைப்பைப் பேச வேண்டுமானால் நாய் முழுப் பக்கவாட்டில், நான்கு காலும் சமதரையில் ஊன்றி நிற்க, அதன் நெஞ்சு உயரத்துக்குக் கேமராவை இறக்கி, நான்கு மீட்டர் தள்ளி நின்று, பக்கத்தில் அளவு தெரிந்த ஒரு பொருளோடு எடுத்த படம் வேண்டும். அப்போதும் அது வளர்ந்த நாயாக இருக்க வேண்டும். நாற்பது நாள் குட்டிக்கு நெஞ்சு ஆழமும் இல்லை, வயிறு ஒட்டலும் இல்லை. எல்லா இனத்துக் குட்டிக்கும் பால் வயிறுதான்.

கண்ணுக்குத் தெரிவது மரபில் எவ்வளவு சிறிய பங்கு என்பதையும் சொல்லியாக வேண்டும். நாய்களின் முடியில் நாம் பார்க்கும் வேறுபாடுகளில், அதாவது குட்டை, நீளம், சுருள், மீசை என்பவற்றில் பெரும்பகுதியை மூன்றே மரபணுக்கள் தீர்மானிக்கின்றன என்று 2009-இல் கண்டறியப்பட்டது. நிறத்தைத் தீர்மானிப்பவையும் விரல்விட்டு எண்ணக்கூடியவையே. நாயிடம் ஏறத்தாழ இருபதாயிரம் மரபணுக்கள் இருக்கின்றன. கலப்பில் பிறந்த குட்டியிடம் இந்தச் சில மரபணுக்களில் தாயிடமிருந்து வந்த வடிவம் ஓங்கி நின்றால், மரபணுக்களில் பாதி தகப்பனுடையதாக இருந்தும் அது தாயின் முகத்தோடு தகப்பனின் வம்சத்தைச் சுமந்துகொண்டு நிற்கும். அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஸ்காட், புல்லர் என்ற இருவர் பசெஞ்சியையும் காக்கர் ஸ்பேனியலையும் கலந்து பார்த்தார்கள். 1965-இல் வந்த அவர்களுடைய நூலில் அந்தக் கலப்பின் பேரக்குட்டிகளின் படங்கள் உள்ளன. இரண்டு இனங்களையும் நன்றாக அறிந்தவர்கள்கூட அந்தப் படங்களைப் பார்த்து இந்த இரண்டு பெயர்களைச் சொல்ல மாட்டார்கள்.

நேரில் பார்த்தாலே தடுமாற்றம்தான். புளோரிடாவின் நான்கு விலங்குக் காப்பகங்களில் 120 நாய்களை அங்கே வேலை செய்யும் 16 பேர் பார்த்து இனம் சொன்னார்கள். பிறகு மரபணுச் சோதனை செய்யப்பட்டது. 2015-இல் வெளியான அந்த ஆய்வில், பிட்புல் மரபு உள்ள நாயை அவர்கள் சரியாகச் சொன்னது ஆளைப் பொறுத்து 33 முதல் 75 சதவீதம் வரை. அந்த மரபே இல்லாத நாயைப் பிட்புல் என்றது சிலர் ஒருமுறையும் இல்லை, சிலர் 48 சதவீதம் வரை. தினமும் நாய்களோடு இருப்பவர்கள், நாயைக் கைநீட்டித் தொடும் தூரத்தில் வைத்துக்கொண்டு சொன்ன பதில் இது. செல்போன் திரையில் பார்ப்பவர் நம்பிக்கையோடு பெயர் சொல்லும்போது எனக்குக் கவலைதான் வருகிறது. பணம் கொடுப்பவருக்காக மட்டும் இல்லை, அந்தப் பெயரை நம்பி அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோகப்படும் இனத்துக்காகவும்.

நிறத்தைப் பற்றி ஊரில் நடக்கும் சண்டைகள் வேறு ரகம். கருப்பு உடலும் கன்னம், புருவம், கால், நெஞ்சு ஆகிய இடங்களில் பழுப்புப் பூச்சும் உள்ளதைக் கன்னி என்பார்கள். செவலையாகவோ வேறு ஒரே நிறமாகவோ இருந்தால் சிப்பிப்பாறை என்பார்கள். ஒரே ஈத்தில் இரண்டும் பிறந்துவிட்டால் "தாய் வேறு நாயோடு சேர்ந்திருக்கிறது" என்று சந்தேகம் கிளம்பும். மரபியல் இங்கே ஒரு திசையில் சந்தேகத்தை நீக்குகிறது. எதிர்த் திசையில் உறுதியாக்குகிறது.

செவலைக்கும் கருப்பு-பழுப்புக்கும் காரணம் ஒரே மரபணுவின் இரண்டு வடிவங்கள். செவலை ஓங்கு பண்பு, கருப்பு-பழுப்பு ஒடுங்கு பண்பு. ஒவ்வொரு நாயும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதிகளை வைத்திருக்கும். ஒரு செவலைப் பிரதி இருந்தாலே நாய் செவலையாகத் தெரியும். ஆகவே இரண்டு செவலை நாய்கள் ஒவ்வொன்றும் ஒரு கருப்பு-பழுப்புப் பிரதியை மறைத்து வைத்திருந்தால், அவற்றின் குட்டிகளில் சராசரியாக நான்கில் ஒன்று கன்னி நிறத்தில் பிறக்கும். இதில் எந்தத் தவறும் இல்லை. தாயின் மேல் பழி போடவும் இடமில்லை.

எதிர்த் திசையைப் பாருங்கள். தாயும் தகப்பனும் கருப்பு-பழுப்பு என்று இரண்டு படங்களை அனுப்பி, அவற்றின் குட்டி என்று முகத்தில் கருப்புப் பூச்சு உள்ள செவலைக் குட்டியின் படத்தையும் அனுப்புகிறார் ஒருவர். பெற்றோர் இருவரிடமும் செவலைப் பிரதி இல்லை. இல்லாததைக் கொடுக்க முடியாது. அந்த மூன்று படங்களில் ஏதோ ஒன்று அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். ஒரு விலக்கு உண்டு. முடியில் கருப்பு நிறமியே வராமல் தடுக்கும் இன்னொரு ஒடுங்கு மரபணு இருக்கிறது. அது இரு பெற்றோரிடமும் மறைந்திருந்தால் சந்தன நிறக் குட்டி பிறக்கலாம். ஆனால் அந்தக் குட்டியின் உடலில் ஒரு கருப்பு முடிகூட இருக்காது. மூக்கும் கண்ணோரமும் மட்டும் கருப்பாக இருக்கலாம். ஆகவே செவலைக் குட்டியின் முகத்திலும் முதுகிலும் கருப்பு முடி இருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது வீண் வேலை இல்லை. படம் பெற்றோரை நிரூபிக்காது; சில சமயம் பெற்றோர் என்று சொல்லப்பட்டதை மறுக்கும். படத்தின் பலம் பெரும்பாலும் இந்த மறுக்கும் பக்கத்தில்தான்.

கருப்பு-பழுப்பு நிறம் கன்னிக்கு மட்டும் சொந்தமும் இல்லை. டாபர்மேனிடமும் ராட்வைலரிடமும் சலூக்கியிடமும் அதே பூச்சு உண்டு. கன்னிக்குட்டி என்று காட்டப்படும் நாற்பது நாள் குட்டி, டாபர்மேன் கலப்பாக இருந்தாலும் புருவத்தில் அந்த இரண்டு புள்ளிகள் அச்சாக விழும்.

இரண்டாவது படத்துக்கு வருவோம், வெள்ளைக் குட்டிக்கு. ராஜபாளையம் என்றால் பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண் என்று எல்லோருக்கும் தெரியும். 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தபால்தலைகளில் ஒன்றில் அது நிற்கிறது. இன்னொன்றில் முதோல் நிற்கிறது. சிக்கல் என்னவென்றால், குட்டிப் பருவத்தில் இந்த மூன்று அடையாளங்களை வைத்து இனத்தைப் பிரித்தறிய முடியாது. பல இனக் குட்டிகள் இளஞ்சிவப்பு மூக்கோடு பிறந்து, வாரங்கள் போகப் போகத்தான் மூக்கில் கருப்பு ஏறும். கண் நிறமும் முதலில் நீலச் சாம்பலாக இருந்து பிறகுதான் நிலைக்கும். டால்மேஷன் குட்டி புள்ளியே இல்லாமல் சுத்த வெள்ளையாகத்தான் பிறக்கிறது; புள்ளிகள் பத்துப் பதினைந்து நாளுக்குப் பிறகே தெரியத் தொடங்கும். அர்ஜென்டினாவில் 1920களில் அந்தோனியோ நோரெஸ் மார்த்தினெஸ் என்ற மருத்துவர் காட்டுப்பன்றி வேட்டைக்காக உருவாக்கிய டோகோ அர்ஜென்டினோவும் வெள்ளைதான். வளர்ந்த டோகோவுக்கு மூக்கு கருப்பாக, தலை பெரிதாக, தாடை அகலமாக இருக்கும். குட்டியில் அது தெரிய வராது. 2024 மார்ச்சில் மத்திய அரசு ஆபத்தானவை என்று பட்டியலிட்டுத் தடை செய்யச் சொன்ன 23 இனங்களில் டோகோவும் இருந்தது. அந்தச் சுற்றறிக்கையைக் கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே ரத்து செய்தது. இப்படி ஒரு பெயருக்குச் சிக்கல் வரும்போது, அதே வெள்ளை நிறத்தில் ஊர்ப் பெயர் ஒன்று கைவசம் இருப்பது விற்பவருக்கு வசதி.

வெள்ளைக் குட்டியின் படத்தில் முதலில் பார்க்க வேண்டியது கண். கண் இன்னும் திறக்கவில்லை என்றால் அது இரண்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டி. நிறம், மூக்கு எதைப் பற்றியும் தீர்ப்புச் சொல்ல அந்தப் படம் உதவாது. விளம்பரத்தில் 40 நாள் என்றிருந்தால் படம் வேறு நாளுடையது அல்லது வேறு குட்டியுடையது. அடுத்து வெளிச்சம். நடு வெயிலில் எடுத்தால் வெள்ளை முடியில் உள்ள வெளிர் பிஸ்கட் நிறத் திட்டுகள் கரைந்துபோகும். நிழலில் வைத்து எடுத்த படம் கேட்டு வாங்கிப் பார்த்தால் காதின் மேலும் வால் அடியிலும் அவை தெரியும்.

ஆனால் வெள்ளைக் குட்டி விஷயத்தில் இனத்தை விட முக்கியமான ஒன்று படத்தில் இல்லை. அதற்குக் காது கேட்கிறதா என்பது. உடம்பு முழுவதும் வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் நிறமிச் செல்கள் தோலில் பரவாமல் போவது. அதே நிறமிச் செல்கள் உள்காதிலும் தேவை. அங்கே உள்ள ரத்த நாளத் திசுவுக்கு அவைதான் ஆதாரம். அவை போய்ச் சேராத காதில் பிறந்து சில வாரங்களுக்குள் அந்தத் திசு நலிந்து, ஒலியை உணரும் செல்கள் செத்துவிடும். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான டால்மேஷன்களைச் சோதித்ததில் ஏறத்தாழ 8 சதவீதத்துக்கு இரண்டு காதும், 22 சதவீதத்துக்கு ஒரு காதும் கேட்கவில்லை. வெள்ளை புல் டெரியரிலும் டோகோவிலும் இந்தக் குறை உண்டு, ராஜபாளையத்திலும் உண்டு. இரு காதும் கேட்காத குட்டியைக் கவனித்துக் கண்டுபிடிக்கலாம். அது தூங்கும்போது பின்னாலிருந்து, தரை அதிராமல், காற்று படாமல் ஒரு சாவிக்கொத்தை ஆட்டினால் போதும். மற்றக் குட்டிகளோடு சேர்த்துச் சோதிக்கக் கூடாது. அவை எழுவதைப் பார்த்து இதுவும் எழும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இந்தச் சோதனையில் தேறிவிடும். காதருகே சிறு ஊசி மின்முனைகளை வைத்து, ஒலிக்கு மூளை தரும் மின் அலையைப் பதிவு செய்யும் சோதனையில் மட்டும்தான் அது தெரியும். அதை ஐந்தாறு வாரத்துக்குப் பிறகு செய்யலாம். அந்தக் குட்டி வளர்ந்து இனப்பெருக்கத்துக்குப் போனால் குறை அடுத்த ஈத்துக்கும் போகலாம்.

"வேட்டை லைன்" என்பதற்கும் படத்தில் பதில் கிடையாது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காடுகள் காவிரி வடக்கு, காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயங்களுக்குள் வருகின்றன. சரணாலயத்துக்கு வெளியேகூட 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நாயை விட்டு முயல் பிடிப்பது குற்றம். லைனை நிரூபிக்கிறேன் என்று யாராவது முயலோடு நிற்கும் வீடியோ அனுப்பினால், அது நாயின் திறமைக்குச் சாட்சியாவதற்கு முன்னால் ஒரு குற்றத்துக்குச் சாட்சியாகிவிடும்.

உருவம் மட்டும் வம்சத்தைச் சொல்லாது என்பதற்குப் பழைய சாட்சியும் ஒன்று உண்டு. பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் ஆதகூர் கல் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டின் நடுவில் மாண்டியா பகுதியில் நட்டது. காட்டுப்பன்றியோடு மோதி, அதைக் கொன்று தானும் செத்த ஒரு நாய்க்கு எழுப்பியது. மேலே நாயும் பன்றியும் ஒன்றையொன்று கவ்வி நிற்கும் சிற்பம். அதைச் சுற்றிக் கன்னட எழுத்து. அந்த நாயின் பெயர் காளி என்பதும், மன்னனிடமிருந்து கேட்டு வாங்கிய நாய் என்பதும், எந்தக் குன்றில் சண்டை நடந்தது என்பதும் நமக்குத் தெரிந்தது எழுத்திலிருந்து. சிற்பத்தை மட்டும் வைத்துக்கொண்டு இது முதோல், இது இன்ன இனம் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. காளியின் தாய் தகப்பன் யார் என்று கல்லில் எழுதவில்லை. ஆகவே அது எந்த இனம் என்பதற்குப் பதில் கல்லிலும் இல்லை.

இனம் என்பது பெற்றோரைப் பற்றிய கூற்று. அதை நிரூபிக்கப் பெற்றோரைத் தேடித்தான் போக வேண்டும். ஓசூரில் இருந்தபடியே இதில் எவ்வளவு தூரம் போக முடியும் என்று பார்ப்போம்.

முதல் படி, படத்தில் உள்ள குட்டியும் கையில் வந்த குட்டியும் ஒன்றுதானா என்பது. இதற்குப் படம் நன்றாக உதவும். நெஞ்சு வெள்ளையின் ஓரம், கால் விரல்களில் வெள்ளை எங்கே நிற்கிறது, மூக்கில் உள்ள சிவப்புத் திட்டு ஆகியவை ஒவ்வொரு குட்டிக்கும் தனி. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தில் எடுத்த தேதியும் இடமும் உள்ள விவரங்கள் நீங்கிவிடும். கோப்பாக அனுப்பச் சொன்னால் பெரும்பாலும் அவை தங்கும். படத்தை இணையத்தில் தேடிப் பார்த்தால் அதே நாய் வேறு ஊரில் வேறு பெயரில் விற்பனைக்கு வந்திருப்பதும் சில நேரம் அகப்படும்.

இரண்டாவது படி மைக்ரோசிப். அரிசி மணி அளவுள்ள கண்ணாடிக் குழாய் ஒன்றைத் தோள்களுக்கு நடுவே தோலுக்கடியில் போடுவார்கள். ரீடரைக் காட்டினால் 15 இலக்க எண் வரும். 2017-இல் வந்த நாய் இனப்பெருக்கம், விற்பனை விதிகளின்படி விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், குட்டிக்குச் சிப் போட்டிருக்க வேண்டும், எட்டு வாரத்துக்கு முன்னால் குட்டியை விற்கக் கூடாது. அந்த "40 நாள் குட்டி" என்ற விளம்பரம் இந்த விதியை அப்போதே மீறிவிட்டது. கென்னல் கிளப் சான்றிதழின் படத்தை அனுப்பினால் அதில் உள்ள சிப் எண்ணும் நாயின் தோளில் ரீடர் படிக்கும் எண்ணும் ஒன்றா என்று எதிரில் வைத்துப் பார்க்க வேண்டும். சிப் இந்த நாய் எது என்பதைச் சொல்லும்; அதன் தகப்பன் யார் என்பதைத் தானாகச் சொல்லாது.

மூன்றாவது படி மரபணுச் சோதனை. இதில் இரண்டு வகை உண்டு; இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் வழக்கம். ஒன்று, எந்த இனம் என்று சொல்லும் சோதனை. குட்டியின் மரபணுவை, முன்பே சேகரித்து வைத்த இனங்களின் மாதிரிகளோடு ஒப்பிட்டு எது நெருக்கம் என்று சொல்வது. அந்தச் சேகரிப்பில் சிப்பிப்பாறையோ ராஜபாளையமோ இல்லாவிட்டால், சுத்தமான சிப்பிப்பாறைக்குக்கூடச் சேகரிப்பில் உள்ள ஏதோ சில பெயர்கள் சதவீதத்தோடு வரும். நல்ல நாயை நம்மவர்களே கலப்பு என்று ஒதுக்கிவிடும் அபாயம் இதில் இருக்கிறது.

மற்றது பெற்றோர் சோதனை. இது பழையது, நம்பகமானது. குட்டி, தாய், தகப்பன் மூவரின் கன்ன எச்சில் அல்லது ரத்தம் வேண்டும். மரபணுத் தொடரில் சில இடங்களில் சிறு துணுக்கு பலமுறை திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை வருகிறது என்பது நாய்க்கு நாய் மாறும். ஓர் இடத்தில் தாய்க்கு 10, 12. தகப்பனுக்கு 9, 14. குட்டிக்கு 12, 14 என்று வைத்துக்கொள்வோம். 12 தாயிடமிருந்து, 14 தகப்பனிடமிருந்து. பொருந்துகிறது. இன்னோர் இடத்தில் தாய்க்கு 7, 8. தகப்பனுக்கு 11, 11. குட்டிக்கு 8, 13. 8 தாயுடையது. 13 எங்கிருந்து வந்தது? சொல்லப்பட்ட தகப்பனிடம் அது இல்லை. ஓர் இடத்தில் மட்டும் பிசகினால் திடீர் மாற்றமாக இருக்கலாம் என்று ஆய்வகம் விட்டுவைக்கும். இருபது இடங்கள் பார்த்து, அவற்றில் மூன்று நான்கு இடங்களில் பிசகினால் அவன் தகப்பன் இல்லை என்று எழுதிவிடும்.

ஒரு குட்டியைச் சோதித்துவிட்டு ஈத்து முழுவதற்கும் சான்று கொடுப்பதும் கூடாது. பெட்டை நாய் பருவத்தில் இருப்பது ஏறத்தாழ மூன்று வாரம். அதற்குள் இரண்டு கடுவன்களோடு சேர்ந்தால், ஒரே ஈத்தில் இரண்டு தகப்பன்களின் குட்டிகள் பிறக்கலாம். தோட்டத்தில் வேலி தாண்டி வந்த தெருநாய் ஒரு பகல் பொழுதில் வந்துபோனால் போதும். விற்பவர் தன் சிப்பிப்பாறைக் கடுவனோடு சேர்த்ததைக் கண்ணால் பார்த்திருப்பார். அவர் சொல்வது முழு உண்மையாக இருக்கும். ஆறு குட்டிகளில் நான்கு அவருடைய கடுவனுடையதாகவும் இரண்டு வேறு நாயுடையதாகவும் இருக்கும். அந்த இரண்டில் ஒன்று தாயின் செவலை நிறத்தையும் நீண்ட முகத்தையும் பெற்றுப் பிறந்தால், விளம்பரப் படத்துக்கு முதலில் நிற்பது அதுவாகவே இருக்கலாம்.

பெற்றோர் சோதனையும் ஒரு தலைமுறையை மட்டுமே எட்டும். தகப்பன் இவன்தான் என்று உறுதியான பிறகு, இவன் சிப்பிப்பாறையா என்ற கேள்வி அவனுடைய தகப்பனிடம் போகிறது. அதற்கு ஈத்துப் பதிவேடு வேண்டும். எந்தத் தேதியில் எந்தக் கடுவனோடு சேர்ந்தது, எத்தனை குட்டி, ஒவ்வொன்றின் சிப் எண், அவை யாரிடம் போயின என்று எழுதி வைத்த பதிவேடு. ஓசூர் மத்திகிரியில் 1824-இல் தொடங்கிய கால்நடைப் பண்ணை இன்னும் இயங்குகிறது. இது போன்ற பண்ணைகளில் கன்று பிறந்ததும் எண் போட்டு, தாய் எண், காளை எண் எழுதிவிடுவது வழக்கமான வேலை. அதே ஊரில் விற்கப்படும் வேட்டைநாய்க் குட்டிக்கு அப்படி ஒரு நோட்டுப் புத்தகம் கேட்டால் முதலில் முகம் மாறும். கேட்கத்தான் வேண்டும். தாயை நேரில் பார்க்க வேண்டும், மடியில் பால் இருக்கிறதா, குட்டிகள் அதனிடம் போய் ஒட்டுகின்றனவா என்று பார்க்க வேண்டும், தகப்பன் யாரிடம் இருக்கிறான் என்று கேட்டு அங்கேயும் போக வேண்டும். இருவரின் தோளிலும் ரீடர் காட்டும் எண்ணை விற்பனைச் சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். பிறகு என்றாவது எச்சில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், எந்த நாயோடு எந்த நாயை ஒப்பிட வேண்டும் என்பது அந்தச் சீட்டில் இருக்கும்.